மழையில் வந்தவளுக்கு

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல் இரவு
சிந்துபூந்துறை, திருநெல்வேலி

என் தங்கமே,

இன்றோடு உனக்கு முப்பது நாள். ஆச்சி உனக்குத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நீயும் தூங்குகிறாய். நானும் தூங்கத்தான் வேண்டும், ஆனால் இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட வேண்டும் என்று மனசு அடம் பிடிக்கிறது. நாள் போகப் போக அந்த இரவின் சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துவிடும். உனக்குப் படிக்கத் தெரியும் வயதில் நானே அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் இப்போதே.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை விடவே இல்லை. உன் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. உன் அப்பா கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார், 22ஆம் தேதி வருவதாகத் திட்டம். ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு இடுப்பு வலி பிடித்தது. சூட்டு வலி என்று ஆச்சி சீரகத் தண்ணீர் கொடுத்தாள். பத்து மணிக்கு அது சூட்டு வலி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் போய்விட்டது. போனில் டவர் இல்லை. தாத்தா டார்ச் லைட்டோடு இறங்கிப் போய் ஒரு வேன்காரரைக் கூப்பிட்டார், அவர் வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

அப்புறம் ஒரு டிராக்டர் வந்தது. யாரோ வயசானவர்களை மேட்டுத் தெருவில் கொண்டு விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த டிராக்டர். தாத்தா குறுக்கே போய் நின்றார். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் உரச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இறங்கி வந்து டிரெய்லரில் ஏற்றிவிட்டார். "தாயி, கம்பியைக் கெட்டியா புடிச்சுக்கோ. பள்ளம் வந்தா முன்னாலேயே சொல்லுதேன்" என்றார். சொன்னபடியே ஒவ்வொரு பள்ளத்துக்கும் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பள்ளம் தாயி... பள்ளம்." வலி வரும்போதெல்லாம் அவரே வண்டியை நிறுத்திவிடுவார். பத்து நிமிடத்தில் போகிற தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, தாத்தா பணம் எடுக்கும் முன்பே திரும்பிவிட்டார். அடுத்த தெருவில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் உன் அப்பா நாலு தெருவில் போய் விசாரித்துப் பார்த்தார். அந்த வாரம் எத்தனையோ டிராக்டர்கள் ஓடின, யார் என்று சொல்ல முடியவில்லை என்றார்கள்.

அது சின்ன ஆஸ்பத்திரி. ஜெனரேட்டருக்கு டீசல் குறைவு என்பதால் பிரசவ அறைக்கு மட்டும் விளக்கு. பணியில் இருந்த நர்ஸ் அக்கா முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாதவர், மாற்றிவிட வேண்டியவர் வெள்ளத்தைத் தாண்டி வர முடியவில்லை. அந்த அக்காவின் கண்கள் சிவந்து கிடந்தன. ஆனாலும் என் நெற்றியைத் துடைக்கும்போது அவர் கை அவசரப்படவே இல்லை. அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். விடியற்காலை 4.50க்கு நீ வந்தாய். 2 கிலோ 850 கிராம். மழைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு அழுதாய்.

உன்னைத் துடைத்துச் சுற்றத் துணி இல்லை. நாங்கள் கொண்டு வந்த பை முழுக்க நனைந்து போயிருந்தது. பழைய வேட்டியில்தான் பிள்ளையை முதலில் வாங்க வேண்டும் என்று ஆச்சி தாத்தாவின் வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள், அதுவும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள் அறையில் காய்ச்சலோடு படுத்திருந்தார். அவர் தன் பைக்குள்ளிருந்து ஒரு வேட்டியை எடுத்து நர்ஸ் அக்காவிடம் நீட்டினார். பச்சைக் கரை போட்ட, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டி. உன் உடம்பில் பட்ட முதல் துணி அதுதான்.

உன் அப்பாவுக்கு நீ பிறந்த செய்தி மறுநாள் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தது. ரயில் எதுவும் ஓடவில்லை. கோவில்பட்டி வரை பஸ், அங்கிருந்து ஒரு லாரி, கடைசியில் நடை என்று 20ஆம் தேதி வந்து சேர்ந்தார். சேற்றுக் காலோடு வாசலில் நின்றுகொண்டு உன்னைத் தொடப் பயந்தார்.

அந்த மழை எப்படிப்பட்டது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. தாமிரபரணி பல ஊர்களுக்குள் புகுந்துவிட்டது. எத்தனையோ பேர் வீட்டையும் ஆட்டையும் மாட்டையும் இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். நீ பிறந்த சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். வரத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீ பிறந்த அதே இரவில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போக வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே சுமார் 800 பேர், சுற்றிலும் தண்ணீர். பக்கத்தில் புதுக்குடி என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலும் வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையில், இருந்த அரிசியைப் போட்டு, கோயிலில் சமைத்து, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள்.

இதையெல்லாம் ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், உலகம் மோசம் என்று உன்னிடம் நிறையப் பேர் சொல்வார்கள். அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். அப்போது உன் கையிலும் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். உன்னை இந்த உலகத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்தது முகம் தெரியாதவர்களின் கைகள். அவர்களுக்கு நம் சாதி என்ன, தெரு என்ன என்று தெரியாது. கேட்கவும் இல்லை. நீயும் அப்படி இருந்தால் போதும், கண்ணே. யாராவது கஷ்டத்தில் நின்றால், வண்டியை நிறுத்து. பள்ளம் தெரிந்தால் முன்னாலேயே சொல்லு.

ஆனால் ஒன்று. அன்பு என்ற பெயரில் பெண் பிள்ளைகளுக்கு வேறொன்றைக் கற்றுக்கொடுப்பார்கள். எதற்கும் தலையாட்டு, சத்தம் போடாதே, விட்டுக்கொடு என்பார்கள். எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள், அதை மறக்க எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. அதைக் கேட்டுக்கொள்ளாதே. உன்னை நோகடிக்கிறவர்களிடம் முடியாது என்று சொல்லு. உன் மேலும் நீ அன்பாக இரு.

உதவி கேட்கவும் கூச்சப்படாதே. உனக்கு எட்டாம் நாள் ராத்திரி, பால் சரியாக வராமல் நீயும் அழுதாய், நானும் அழுதேன். நான் நல்ல அம்மா இல்லையோ என்ற பயம் நெஞ்சை அடைத்தது. நம் வீட்டுக்குள் புகுந்த சேற்றைக் கழுவி அலுத்துப்போய் ஆச்சி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப மனசில்லை. உன் அழுகை கேட்டு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். அவர் வீட்டிலும் பாய், தலையணை எல்லாம் போயிருந்தன. உன்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ ரெண்டு மணி நேரம் தூங்கு, எல்லாம் வரும்" என்றார். தூங்கினேன். மறுநாள் பாலும் வந்தது. அன்றைக்கு நான் கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாம், சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். திறந்தேன்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது.

இப்போது உனக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம் வரைக்கும்தான் கொஞ்சம் தெளிவாகத் தெரியுமாம். மார்பில் கிடக்கும்போது என் முகம் சரியாக அந்தத் தூரத்தில் இருக்கிறது. உன் உலகத்தின் எல்லையில் நான் இருக்கிறேன்! தொண்டை கட்டிய குரலில் நான் பேசினாலும் தலையைத் திருப்புகிறாய். வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்ட குரல் அல்லவா. உள்ளங்கையில் விரலை வைத்தால் மூடிக்கொள்கிறாய். தாத்தா அதற்காகவே ஒரு நாளைக்குப் பத்து தடவை வருகிறார்.

இன்னொன்று, இதை டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. பெண் குழந்தைக்கு ஆயுசுக்கும் வேண்டிய கருமுட்டைகள் எல்லாம் அது தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுமாம். அப்படியென்றால் உன்னில் ஒரு பாதி, நான் ஆச்சியின் வயிற்றுக்குள் இருந்தபோதே அங்கே இருந்திருக்கிறது. ஆச்சி உன்னையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறாள். அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதான் எனக்கு அப்ப அவ்வளவு பசி எடுத்துச்சு" என்றாள்.

இப்படி வியக்க எவ்வளவோ இருக்கிறது, தங்கமே. அடுத்த தையில் உன்னைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போவேன். நாங்குநேரி பக்கத்தில் இருக்கிறது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வரும். நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த மரத்தடியில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன். நீ எதைப் பார்த்துக் கை நீட்டுகிறாயோ, அதை நானும் பார்ப்பேன்.

ஆற்றுக்கும் கூட்டிப்போவேன். நீ ஆற்றைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அந்த ராத்திரி நம்மை மிரட்டியதும் அதுதான், நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கோயில் முங்கிப்போகும், தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி விளக்கேற்றுவார்கள். அந்தப் படித்துறையில் உனக்கு நீச்சல் சொல்லித்தருகிறேன் என்று தாத்தா இப்போதே சொல்லிவிட்டார். எனக்கு அவர்தான் சொல்லித்தந்தார்.

அந்தப் பச்சைக் கரை வேட்டியை ஆச்சி துவைத்து, வெயிலில் காயவைத்து, உன் தூளிக்குள் விரித்திருக்கிறாள். அந்த மனிதரை மறுநாள் காலையில் தேடினோம். மனைவியை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் குணமாகியிருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். நீ வளர்ந்ததும் வேட்டியை உன் கையில் தருகிறேன். கிழிந்து போகும் வரை உனக்கே வைத்துக்கொள்வாயோ, துணி இல்லாத வேறு பிள்ளையைச் சுற்றக் கொடுப்பாயோ, அது உன் இஷ்டம்.

தூளி அசைகிறது. முதலில் கால் உதைப்பாய், பிறகு உதட்டைச் சப்புவாய், அப்புறம்தான் அழுவாய். இந்த முப்பது நாளில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். இப்போது கால் உதைத்துக்கொண்டிருக்கிறாய். அழுவதற்கு முன்னால் வந்துவிடுகிறேன்.

உன் அம்மா