ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பேக்ட்

சனிக்கிழமை இரவு. மகளுடைய யூனிஃபார்ம் பாவாடைக்கு ஓரம் அடிக்க ஸ்கேல் தேடினேன். அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், கைக்குட்டையில் சுற்றி ஒரு காம்பேக்ட் பவுடர். பஃப் ஓரமெல்லாம் பழுப்பேறி, ஒரு தலைமுடியும் ஒட்டியிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை. அவள் அப்பா டியூட்டிக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. நாங்கள் இருவர் மட்டும் பேசினோம். அன்று பேசியதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"என்னடி இது?"

"காம்பேக்ட்."

"அது தெரியுது. ஸ்கூலுக்குப் போட்டுக்கிட்டுப் போறியா?"

"லைட்டாதாம்மா. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுன்னா எதுக்குப் போடணும்?"

பதில் இல்லை. பாவாடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நூலைப் பிய்த்தாள்.

"படிக்கிற வயசு. இப்பவே இதெல்லாம் எதுக்கு? முகம் கெட்டுப்போகும்."

"நீ கடைக்குப் போகும்போது பவுடர் போடறல்ல? கண்ணுக்கு மை வைக்கிறல்ல? பொட்டு வைக்காம கிளம்பினா என்னையே திட்டுவ. அதெல்லாம் மேக்கப் இல்லையா?"

"அது வேற."

"எப்படி வேற? சொல்லு."

எப்படி வேறு என்று எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. மஞ்சள் பூசிக் குளித்தால் அடக்கம், கிரீம் பூசினால் ஆட்டம் என்று என் அம்மா சொல்லித்தான் நானும் வளர்ந்தேன். அதையே அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. காம்பேக்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். திருப்பாப்புலியூரில் மருந்துக்கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். எந்த டப்பாவைக் கையில் எடுத்தாலும் முதலில் அடிப்பக்கம்தான் பார்ப்பேன்.

"எங்க வாங்கின?"

"மஞ்சக்குப்பத்துல, ஒரு ஃபேன்சி ஸ்டோர்ல. எண்பது ரூபா."

"இதுல தயாரிச்ச தேதி இருக்கா பாரு. பேட்ச் நம்பர்? லைசென்ஸ் நம்பர்? கம்பெனி விலாசம்?"

வாங்கிப் பார்த்தாள். "பேரு மட்டும்தான் இருக்கு."

"எவன் செஞ்சான்னே தெரியாததைத்தான் முகத்துல போடற. சரி, இந்தப் பஃப்பை வேற யாராவது எடுத்தாங்களா?"

"லஞ்ச் பிரேக்ல மூணு பேர் போடுவோம்."

"மையும் அப்படித்தானா?"

தலையை ஆட்டினாள்.

"மெட்ராஸ் ஐ வந்தா ஒரே வாரத்துல அந்த பெஞ்சு முழுக்க வரும் கண்ணு. கண் சொட்டு மருந்து வாங்க வர்ற பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். மை, லிப்ஸ்டிக், பஃப், மூணையும் யார்கிட்டேயும் வாங்காத, யாருக்கும் கொடுக்காத. உயிர்த்தோழியா இருந்தாலும்."

"சரி. அது சரிதான்." கொஞ்சம் இறங்கி வந்தாள். "அப்போ நல்ல கம்பெனிதா நீயே வாங்கிக் கொடு. யாருக்கும் தரமாட்டேன்."

என் பேச்சை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். நான் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தாடைக்குக் கீழே வலது பக்கம் நாலைந்து பருக்கள், ஒன்று சீழ் கட்டியிருந்தது. நெற்றியில் பொடிப்பொடியாக. காலையில் போட்ட பவுடர் காதோரத்தில் இன்னும் திட்டாக நின்றது. அவள் நிறத்துக்கு அது சேரவே இல்லை. முகம் சாம்பல் பூத்தது போல, கழுத்து வேறு நிறமாக.

"இதை மறைக்கத்தான் போடறியா?"

கண் கலங்கிவிட்டது.

"பிரேயர்ல நிக்கும்போது வேர்த்து வழியுதும்மா. பவுடர் கரைஞ்சா அப்பதான் இன்னும் நல்லாத் தெரியுது. திரும்பப் போய்ப் போட்டுக்குவேன். முதல் பெஞ்சுல உக்காரவே பிடிக்கல."

நம்ம கடலூர் வெயிலும் கடல்காற்றுப் பிசுபிசுப்பும் பெரியவர்கள் முகத்தையே ஒரு வழி பண்ணிவிடும். பதினைந்து வயதில், ஹார்மோன் மாறுகிற நேரத்தில், தோலில் எண்ணெய் தானாகவே கூடும். அது துவாரத்தில் அடைத்துக்கொண்டால் பரு. அதன் மேல் பவுடரை அப்பி, வேர்வையில் ஊறவிட்டு, அதற்கு மேல் இன்னொரு கோட்டு. பிள்ளை நாலு மாதமாக இதைத்தான் செய்திருக்கிறாள். தினமும் கூடவே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

"பருவுக்கு மருந்து இருக்குடி. டாக்டர் பார்த்துக் கொடுத்தா ரெண்டு மூணு மாசத்துல அடங்கும். கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. யாராவது தோழி, இந்த ட்யூப் போட்டா ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்னு கொடுத்தா தொடாத. அதுல ஸ்டீராய்டு இருக்கும். முதல்ல முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு சிவந்து, விட்டதும் பரு கொட்டும். அந்த முகத்தோட எங்க கடைக்கு வர்றவங்க இருக்காங்க. சிகப்பாக்கும்னு விக்கிற சில க்ரீம்ல பாதரசமே இருக்கும், கிட்னியைக் கெடுக்கும்."

"நான் சிகப்பாகணும்னு போடலம்மா."

"அப்புறம் ஏன் ரெண்டு ஷேடு வெளுப்பா வாங்கின?"

வெகு நேரம் பேசவில்லை. மின்விசிறி மட்டும் டக்டக்கென்று சுற்றியது.

"பண்ருட்டி அத்தை காதுகுத்துல என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? பொண்ணு கறுத்துட்டா, முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சே, யாரு கட்டுவான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச."

சிரித்தேன். நாத்தனார் சொல்கிறாள், சபையில் என்ன பேசுவது என்று சிரித்து வைத்தேன்.

"அது மட்டும் இல்ல. தினம் காலையில என்னை எழுப்பும்போது நீ முதல்ல சொல்றது என்ன தெரியுமா? 'என்னடி, இன்னொண்ணு வந்திருக்கு.' கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே."

அக்கறையில் சொன்னேன் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்புதான் கண்ணு. இனிமே சொல்லமாட்டேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ ஸ்கூலுக்கு?" என்றாள். விஷயத்தை விடவில்லை பாருங்கள்.

"ஃபவுண்டேஷன், காம்பேக்ட் வேணாம். பரு ஆறுற வரைக்காவது முகம் மூச்சு விடட்டும். சன்ஸ்கிரீன் போடலாம், எஸ்பிஎஃப் 30, பிசுபிசுக்காத ஜெல் மாதிரி வாங்கித் தர்றேன். லிப் பாம் போட்டுக்க, கலர் இல்லாதது."

"மை?"

"உன் மையை நீ மட்டும் வச்சுக்கறதுன்னா வச்சுக்க. ராத்திரி துடைச்சிட்டுப் படுக்கணும். ஆனா டைரியில என்ன போட்டிருக்குன்னு பாரு. ஸ்கூல்ல வேணாம்னா வேணாம்தான். திங்கட்கிழமை உங்க கிளாஸ் மிஸ்கிட்ட நானே கேக்கறேன்."

"ஐயோ, நீ கேக்காத. நானே கேட்டுக்கறேன்."

"சரி. கல்யாணம், பிறந்தநாள்னா எல்லாம் போட்டுக்க. உன் நிறத்துக்குச் சரியான ஷேடு நானே வந்து பார்த்து வாங்கித் தர்றேன். தாடையில தடவிப் பார்த்தா தெரியும், தனியாத் தெரியாம கலந்து போகணும்."

"இது?" என்று காம்பேக்டைக் காட்டினாள்.

"குப்பையில போடு."

"எண்பது ரூபாம்மா!"

"நான் தர்றேன்."

எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். பாவாடை ஓரத்தைக் குண்டூசி குத்திப் பிடித்துக் கொடுத்தாள். நான் தைக்க ஆரம்பித்தேன்.

"அம்மா."

"ம்."

"அத்தைகிட்டயும் சொல்லு. அடுத்த மாசம் வர்றாங்க. எல்லார் முன்னாடியும் மறுபடி கேப்பாங்க."

"வரட்டும், சொல்றேன்."

"வந்த பிறகு சொல்லமாட்ட. சிரிச்சிடுவ."

மணி ஒன்பதரை. அந்த வீட்டில் இன்னும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, போனை எடுத்து நாத்தனார் நம்பரைப் போட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.