பொருள், பார்வை

இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. முதலாவது பணி நியமன ஆணை. இளநிலை எழுத்தர் பதவி, பதினைந்து நாட்களுக்குள் சேர வேண்டும், இரண்டாண்டு தகுதிகாண் பருவம். மற்றது மாவட்டக் கிரிக்கெட் அகாடமியிலிருந்து வந்தது. தேர்வான 24 பேரில் செல்வத்தின் பெயர் 19வதாக இருந்தது. தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. சம்பளம் என்ற பேச்சே இல்லை.

அப்பா நியமன ஆணையை மூன்று முறை படித்தார். முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அகாடமிக் கடிதத்தை ஒரே முறை படித்து மேசையில் வைத்தார். காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

அம்மாதான் கேட்டாள். "அங்கே போய்ச் சரிவராவிட்டால்?"

"எழுத்தர் தேர்வை மறுபடியும் எழுதலாம் அம்மா. அகாடமிக்கு இந்த வருடத்தோடு வயது தாண்டிவிடும்."

"மறுபடியும் எழுதினால் மறுபடியும் தேறுவாய் என்று யார் சொன்னது?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை. அந்தத் தேர்வை அவன் எழுதியதே மூன்றாவது முறைதான்.

மறுநாள் வலைப்பயிற்சியில் பயிற்சியாளரிடம் போய் நின்றான். அவர் எதுவும் சொல்லாமல் ஆடுகளத்தில் ஒரு கைக்குட்டையை விரித்தார், மட்டையாளன் முன்னால் வருவதா பின்னால் போவதா என்று திகைக்கும் இடத்தில். "அறுபது பந்து வீசு."

செல்வம் இடது கைச் சுழல் பந்துவீச்சாளன். ஆள்காட்டி விரலின் உள்பக்கம் பந்தின் தையல் உரசி உரசிக் காய்த்துப்போயிருந்தது. நாற்பது பந்துக்குப் பிறகு அந்தக் காய்ப்பின் ஓரம் வெடித்தது. பந்தைச் சட்டையில் துடைத்துவிட்டு மீதி இருபதையும் வீசினான்.

"முப்பத்தேழு கைக்குட்டையில் விழுந்தது" என்றார் அவர். "அகாடமிக்கு வரும் 24 பேரில் இரண்டு பேர் மாநில அணிக்குப் போனால் அதிகம். அந்த இரண்டில் நீ ஒருவன் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் இந்த முப்பத்தேழை என்னால் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது."

பொய் சொல்லியிருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தான்.

அடுத்து அலுவலகம். சேரும் நாளைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கப் போனான். கண்காணிப்பாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "மூன்று மாதம் என்றால் மேலே எழுதிப் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு வழியே இல்லை. உங்களுக்குப் பின்னால் பட்டியலில் ஒருவர் காத்திருக்கிறார்." பிறகு முகம் மலர்ந்து, "நம் அலுவலக அணியில் சுழல் பந்துக்கு ஆள் இல்லை தம்பி. வருடத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம். போன வருடம் கோப்பை கூட வாங்கினோம்" என்றார்.

அவர் காட்டிய பக்கம் செல்வம் திரும்பிப் பார்த்தான். மின்விசிறிக்கு நேர் கீழே, கோப்புகள் பறக்காமல் இருக்க, அந்தக் கோப்பை ஒரு கட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு கைப்பிடி இல்லை. உள்ளே குண்டூசிகளும் ரப்பர் வளையங்களும் கிடந்தன. அவர் கேலி செய்யவில்லை, உண்மையான அன்போடுதான் அழைத்தார். அதுதான் அவனை என்னவோ செய்தது.

அன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தான். "ஐயா, எனக்கு இந்த வேலை வேண்டாம். நான் கிரிக்கெட் விளையாடப் போகிறேன்" என்று தொடங்கி நான்கு வரி எழுதி, மடித்து மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனான்.

காலையில் எழுந்தபோது அப்பா மேசையருகே இருந்தார். கடிதம் அவர் கையில் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. திட்டு விழும் என்று செல்வம் காத்து நின்றான்.

"இது என்ன கடிதம்?" என்றார் அப்பா. "பொருள் இல்லை, பார்வை இல்லை. எந்த ஆணையைச் சொல்கிறாய் என்று எண்ணும் தேதியும் இல்லை. இதை வாங்கி எந்தக் கோப்பில் வைப்பான்?"

"அப்பா..."

"உட்கார். வேறு தாள் எடு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினான். பொருள், பார்வை, சொந்தக் காரணங்களால் பணியில் சேர இயலாமை, வாய்ப்பளித்தமைக்கு நன்றி. 'கிரிக்கெட்' என்ற சொல் அதில் எங்குமே வரவில்லை. சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் குரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, 'இயலாமை'யில் லகரம் சரிதானா என்று எட்டிப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டதும் தாளை வாங்கி, மை உலரட்டும் என்று தூக்கிப் பிடித்தார்.

"இரண்டு பிரதி எடு. ஒன்றில் ஒப்புகை வாங்காமல் வந்துவிடாதே" என்றார். "அந்த விரலுக்கு முதலில் ஏதாவது மருந்து போடு."