ஆறாம் வகுப்பு இசை: கற்றல் விளைவிலிருந்து பின்னோக்கி வடிவமைத்த 10 வாரப் பாடத்திட்டம்

பி.எட். இரண்டாம் ஆண்டு, பாடத்திட்ட வடிவமைப்பு, ஒப்படைப்பு 2

கற்பித்தல் பயிற்சிக்குச் சென்ற பள்ளியில் ஒரு நாள் காலை வழிபாட்டின்போது கரண்ட் போய்விட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் பிள்ளைகளே தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடினார்கள். நல்ல கணீரென்ற குரல்கள்தான். ஆனால் இரண்டாவது வரியிலேயே ஓட்டம் பிடித்துவிட்டது. 55 வினாடியில் முடிய வேண்டிய பாட்டு என் கைபேசிக் கடிகாரத்தில் 46 வினாடியில் முடிந்தது. அதே பிள்ளைகள் முந்தைய வாரம் என் வகுப்பில் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை மூன்றைப் பிசகில்லாமல் பாடியவர்கள். அங்கே நான் தாளம் போட்டேன், அவர்கள் பின்தொடர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதற்கு முன், 10 வாரம் கழித்து நான் அறையில் இல்லாதபோதும் பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்று கேட்க வேண்டியிருந்தது. கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998இல் முன்வைத்த பின்னோக்கு வடிவமைப்பின் வரிசையும் இதுதான்: முதலில் விளைவு, அடுத்து அதற்கான சான்று, கடைசியில்தான் பாடம்.

விளைவுகள்

வகுப்பில் 32 பேர். வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். ஆக மொத்தம் 400 நிமிடம், ஏழு மணி நேரம்கூட இல்லை. அதனால் மூன்றே விளைவுகள் வைத்தேன். யாரும் முன்னின்று நடத்தாமல், கையில் தாளம் போட்டபடி தமிழ்த்தாய் வாழ்த்தை ஒரே வேகத்தில் பாடுவது ஒன்று. ஒரு மெட்டைக் கேட்டு அதில் ம, நி வருகிறதா என்று சொல்வது இரண்டாவது. மூன்றாவது, வீட்டில் பாடும் ஒரு பாட்டைக் கேட்டு வந்து, அதன் தட்டுகளை எண்ணி, மூன்று தோழர்களுக்குக் கற்றுத் தருவது.

‘இசையை ரசிப்பர்’ என்று முதல் வரைவில் எழுதியிருந்ததை நீக்கிவிட்டேன். அது எனக்கு மிகவும் வேண்டியதுதான். ஆனால் நடந்ததா என்று பார்க்க வழியில்லை.

சான்றுகள்

ஒவ்வொருவரையும் தனியாகப் பாட வைத்தால் ஒரு பாடவேளை முழுதும் அதற்கே போய்விடும், கூச்சப்படும் பிள்ளை வாயே திறக்காது. நால்வர் குழுவாக எட்டுக் குழுக்கள், குழுவுக்கு மூன்று நிமிடம். 24 நிமிடத்தில் முடியும். கடிகாரமே பாதி மதிப்பீடு செய்துவிடும்: 52 முதல் 58 வினாடிக்குள் முடித்தால் வேகம் நின்றிருக்கிறது என்று கொள்வேன். மீதிப் பாதிக்குக் கையைப் பார்க்க வேண்டும். மூன்றாம் பெஞ்சில் ஒரு சிறுவன் பெஞ்சில் தட்டும்போது இம்மி பிசகமாட்டான். பாடத் தொடங்கியதும் அவன் கை பாட்டின் எழுத்துகளுக்கெல்லாம் தட்டத் தொடங்கிவிடும். அவனிடம் தாளமும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது, இரண்டும் சேரவில்லை. வெறும் மதிப்பெண் இதைக் காட்டாது என்பதால் பதிவேட்டில் ‘கை மட்டும்’, ‘குரல் மட்டும்’, ‘இரண்டும்’ என்று மூன்று குறிகள் வைத்திருக்கிறேன்.

பாடங்கள்

இங்கேதான் என் பழைய திட்டம் உடைந்தது. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில், எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்தில் அமைந்தது. 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி தமிழ்த்தாய் வாழ்த்தோ மோகன ராகத்தில், திஸ்ரம் எனும் மூன்றன் நடையில் பாடப்படுவது. 10 வாரம் சரளி பாடினாலும் முதல் விளைவுக்குத் தேவையான ராகமும் தாளமும் பிள்ளையின் காதில் விழுந்திராது. புரந்தரதாசர் பெயரால் வழங்கும் அந்தப் பயிற்சி முறையில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அது குருவிடம் அன்றாடம், ஆண்டுக்கணக்கில் கற்கும் பிள்ளைக்கு. வாரம் ஒரு மணி அடிக்கும் வகுப்புக்கு அதன் முதல் மூன்று வரிசையை மட்டும் வெட்டி வைத்தால் அதன் பயனும் கிடைக்காது.

எனவே முதல் மூன்று வாரம் ஒரு தட்டு, இரண்டு விரல் எண்ணல். நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, பிறகு பாடிக்கொண்டே. சுருதிப் பெட்டி ஐந்து கட்டையில் நிற்கும். என் குரலுக்கு வசதியான சுருதியில் பாட வைத்தபோது பிள்ளைகள் கீழே இறங்க முடியாமல் முனகியதைப் பார்த்திருக்கிறேன். நான்காம் வாரம் முதல், ம, நி இல்லாத மோகனத்தின் ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களில் நானே எழுதிய சிறு வரிசைகள். ஆறாம் வாரம் அவற்றுக்கு நடுவே ம சேர்த்துப் பாடுவேன். கேட்டவர்கள் கை தூக்க வேண்டும்.

ஏழும் எட்டும் வீட்டுப் பாட்டுக்கு. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி எது வந்தாலும் சரி. கும்மியில் மூன்றன் நடை அடிக்கடி வருவதால், வகுப்பில் எண்ணியது பாட்டியின் கைதட்டிலும் இருப்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். ஒன்பதாம் வாரம் குழு ஒத்திகை.

ஐந்தாம் வாரக் கடைசியில் ஒரு சோதிப்பு உண்டு. ‘இரண்டும்’ என்ற குறி 20 பேருக்காவது வரவில்லையென்றால், எட்டாம் வாரத்தைத் தாளத்துக்கே திருப்பிக் கொடுத்து, வீட்டுப் பாட்டை ஏழாம் வாரத்தோடு முடிப்பேன்.

பத்தாம் வாரம் சுருதியைப் போட்டுவிட்டு நான் கடைசி பெஞ்சில் கடிகாரத்தோடு உட்காருவேன். தொடங்குவதும் முடிப்பதும் குழுவின் பொறுப்பு.