மதிப்பீட்டுக் குறிப்பு: நொய்யல் கள ஆய்வறிக்கை, மூன்றாம் குழு

மூன்றாம் குழுவினருக்கு,

"திருப்பூர் சாயப்பட்டறைகளும் நொய்யல் ஆறும்" அறிக்கையை இரண்டு முறை படித்தேன். பாதிப்புகளை இனங்கண்டதற்கு 15க்கு 10, ஆதாரத்துக்கு 20க்கு 12, தீர்வுகளுக்கு 15க்கு 6. ஆக 50க்கு 28. களத்தில் உழைத்திருக்கிறீர்கள். மதிப்பெண் குறைந்தது எழுதிய விதத்தில்.

நுரைக்கும் நிறத்துக்கும் ஐந்து பக்கம், உப்புக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இது தலைகீழாக இருக்க வேண்டும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற நிறைய உப்பு போடுகிறார்கள். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும்; உப்பு அத்தனையும் கழிவுநீரில்தான் வரும். நிறத்தை எடுக்க வழி இருக்கிறது. கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு தொடவே தொடாது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்ததும் இதனால்தான். 14ஆம் பக்கத்தில் ஒரு விவசாயி "அந்தத் தண்ணியில மாடு வாய் வெக்காதுங்க" என்கிறார். அறிக்கையிலேயே கனமான வரி அது. அதைப் பெட்டிச் செய்தியாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டீர்கள்.

ஆதாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டவணை 4இல் மூன்று இடங்களின் டிடிஎஸ் அளவும் ஒரே மாதிரி 9990 என்று இருக்கிறது. ஓடை ஒன்று, அணைக்கட்டுக் குட்டை ஒன்று, வடிகால் ஒன்று. மூன்றிலும் அச்சு மாறாமல் ஒரே அளவு வருமா? நீங்கள் கொண்டுபோன பேனா மீட்டரின் உச்ச அளவு அது. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் மீட்டர் அதற்கு மேல் காட்டாது. மாதிரியோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, மறுபடி அளந்து, பத்தால் பெருக்குங்கள். தோராயம்தான், ஆனாலும் இப்போது இருப்பதைவிட நம்பலாம்.

அடுத்தது, 1900 இருந்த கிணற்றை "வரம்புக்குள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட 2100 என்பது ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கான வரம்பு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 2000 வரை. குடிக்கும் கிணற்றைக் கழிவுநீர் அளவுகோலால் அளந்தால் எல்லாமே நல்ல கிணறுதான்.

ஒப்பீட்டுக் கிணறு ஒன்றுகூட இல்லை. கொங்குப் பகுதியின் பாறைத் தரையில் நிலத்தடி நீர் சில இடங்களில் இயல்பாகவே உவர்ப்பு. திருப்பூருக்கு மேற்கே, சாமளாபுரம் பக்கம், ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் கிணறுகளை அளக்காமல் எவ்வளவு உப்பு பட்டறையால் வந்தது என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூர் நகரச் சாக்கடையும் இதே ஆற்றில் வருகிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2008 நாளிதழ்ச் செய்தியை வைத்து "இன்றும்" என்று எழுதியிருப்பது பெரிய சறுக்கல். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டு, கழிவுநீர் வெளியேறாத ஏற்பாடு செய்தவர்களே இயங்கலாம் என்றது. அதற்கு முன், பின் என்று தரவுகளைப் பிரிக்காவிட்டால் வாசிப்பவர் குழம்புவார். படம் 6க்கு இடமும் தேதியும் வேண்டும்.

தீர்வுப் பகுதிதான் பலவீனம். "ஆலைகளை ஊருக்கு வெளியே மாற்றலாம்", "கரையில் மரம் நடலாம்", "விழிப்புணர்வு ஏற்படுத்தலாம்". எந்த ஊருக்கு மாற்றுவது, அந்த ஊர் என்ன பாவம் செய்தது? மரம் நட்டு உப்பு குறையாது. ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் போட்டால் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதைச் சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் அங்கேயே நின்றுவிட்டீர்கள். எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது? ஆற்றில் இருந்த தீங்கு கொட்டகையில் மூட்டையாகக் கிடக்கும், மழையில் நனைந்தால் மறுபடி மண்ணுக்குப் போகும்.

ஆகவே உப்பை நுழைவாயிலிலேயே குறைக்கும் வழிகளை முதலில் வையுங்கள்: குறைந்த தண்ணீரில் ஓடும் சாப்ட்ப்ளோ மெஷின், உப்பு குறைவாகக் கேட்கும் சாயங்கள், மீட்ட உப்புக்கரைசலை அடுத்த சாயத்தொட்டிக்குத் திருப்புவது. ஒவ்வொன்றுக்கும் யார் செய்வார், செலவை யார் ஏற்பார், சிறிய பட்டறைக்குத் தாங்குமா என்று இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் போன பட்டறையின் மேலாளரிடமே கேட்கலாம்; உங்கள் குறிப்பைப் பார்த்தால் பேசக்கூடியவராகத் தெரிகிறார்.

அட்டவணை 4, ஒப்பீட்டுக் கிணறுகள், தீர்வுப் பகுதி ஆகிய மூன்றை மட்டும் திருத்தி வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் துறை அலுவலகத்தில் கொடுங்கள். முன்னுரையைத் தொட வேண்டாம், அது நன்றாகவே இருக்கிறது. திருத்தியதற்கு அதிகபட்சம் 10 மதிப்பெண் கூடும்.