ஒன்பது பேர் ஓடினால் ஒரு நாள் வேன் ஓடும்

(காணொளி வசனம். மூன்றரை நிமிடம். பின்னணி இசை கடைசி அரை நிமிடத்தில் மட்டும்.)

காட்சி 1: அதிகாலை ஐந்தேகால். இருட்டு. லயத்துக் கதவு திறக்கிறது. ஒரு டோர்ச் வெளிச்சம் தேயிலை மலைக்கு நடுவே இறங்குகிறது. சப்பாத்துச் சத்தம் மட்டும்.

குரல்: இது படத்துக்காக எடுத்த காட்சி இல்லை. எங்கள் மேற்பிரிவில் பாடசாலை நாட்களில் தினமும் நடப்பதுதான். தோட்டப் பாடசாலை சாதாரண தரத்தோடு முடிகிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றால் ஹட்டனுக்குப் போக வேண்டும். பஸ் வரும் பெரிய ரோட்டுக்கு இங்கிருந்து ஐந்து கிலோமீற்றர்.

மாணவி (டோர்ச்சைப் பிடித்தபடி): காலையில் பரவாயில்லை, நாலு பேர் சேர்ந்துதான் இறங்குவோம். பின்னேர வகுப்பு முடிந்து திரும்பும்போதுதான் பயம். சிறுத்தை நடமாட்டம் இருக்கு. ஆட்டோவில் வந்தால் அறுநூறு ரூபா. அம்மாகிட்ட தினம் எப்படிக் கேட்கிறது?

காட்சி 2: கொழுந்து மடுவம். கூடைகள் நிறுக்கப்படுகின்றன.

அம்மா: மூத்தவ ரெண்டு மாசம் போனா. மழைக்காலம் வந்திச்சு, "போதும் அம்மா"ன்னு நின்னுட்டா. இவளாவது முடிக்கணும்.

குரல்: இப்போது பதினான்கு பிள்ளைகள் இப்படி நடக்கிறார்கள். படிப்பை நிறுத்தியவர்கள் இதில் சேரவில்லை. ஜனவரியில் இருந்து காலையும் மாலையும் ஒரு வேன் விடப் போகிறோம். சாரதி, டீசல் எல்லாம் சேர்த்து நாளைக்கு 4,500 ரூபா. வருடத்துக்கு 190 பாடசாலை நாள் என்று வைத்தால் 8,55,000 ரூபா. கேட்கப் பெரிய தொகைதான். அதனால் நாங்கள் நாள் கணக்கில்தான் யோசிக்கிறோம். இந்தக் காசைச் சேர்க்கத்தான் செப்டெம்பரில் ஒரு ஓட்டம் வைக்கிறோம். பதிவுக் கட்டணம் 500 ரூபா. ஒன்பது பேர் ஓடினால் ஒரு நாள் வேன் ஓடும்.

(திரையில்: 9 × 500 = 4,500)

காட்சி 3: டிக்கோயா டவுன். கடைகள் திறக்காத நேரம். கமரா ஓடுகிறவரின் கண் உயரத்தில் வீதியோடு நகர்கிறது.

குரல்: பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கோயா டவுனில் தொடங்கி, நோர்வூட் வீதியில் ஐந்து கிலோமீற்றர் போய், அதே வழியால் திரும்ப வேண்டும். மொத்தம் பத்து. ஏற்றமும் வளைவும் உண்டு, மலைநாட்டில் சமதரையில் ஓட்டம் வைக்க எங்களுக்கு வழியில்லை. போகிற வழியில் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். வானம் வெளித்திருந்தால் சிவனொளிபாதமலையும் தெரியும். ஆனால் செப்டெம்பர் மாதம், அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

ஏன் செப்டெம்பர் என்று சிலர் கேட்டார்கள். டிசம்பரில் இருந்து வெசாக் வரை யாத்திரை பஸ்கள் இதே வீதியில்தான் மஸ்கெலியாவுக்குப் போகும். அந்த நெரிசலில் ஓட முடியாது. அப்புறம், 10ஆம் திகதி சம்பளம். 13ஆம் திகதி ஓட்டம். காரணம் சொல்லத் தேவையில்லை.

மழை பெய்தாலும் ஓட்டம் உண்டு. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மட்டும் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைப்போம். ஓட முடியாதவர்களுக்கு மூன்று கிலோமீற்றர் நடை இருக்கிறது. தாத்தா, பாட்டி, கைப்பிள்ளைக்காரர் எல்லாரும் வரலாம்.

காட்சி 4: பஸ் நிலையத்தடியில் ஒரு மேசை. இரண்டு இளைஞர்கள் படிவம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இளைஞர்: இந்தக் காணொளிக்குக் கீழேயே படிவம் இருக்கிறது. போனில் நிரப்பத் தெரியாவிட்டால் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை இங்கே வாங்க, நாங்க எழுதித் தாறோம். மடுவத்திலும் கணக்கப்பிள்ளையிடம் படிவம் கொடுத்திருக்கிறோம். பெரியவர்களுக்கு 500, மாணவர்களுக்கு 100. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அம்மா அல்லது அப்பாவின் கையெழுத்தோடு வரவேண்டும். கடைசி நாள் செப்டெம்பர் 6.

மற்றவர்: அண்ணே, டீசேர்ட்டைச் சொல்லு.

இளைஞர்: ஆமா, டீசேர்ட் தரமாட்டோம். ஒன்று அச்சடிக்க 900 ரூபா கேட்டார்கள். ஐந்து டீசேர்ட் என்றால் ஒரு நாள் வேன் போயிடும். நெஞ்சில் குத்திக்கொள்ள இலக்கத் துணி தருவோம். ஓடி முடித்ததும் ரொட்டியும் கட்டச் சம்பலும் சூடான பிளேன்டீயும் உண்டு.

குரல்: கடைக்காரர்கள் ஒரு நாள் வேன் செலவை ஏற்றால் அன்று உங்கள் கடைப் பெயர் வேன் கண்ணாடியில் இருக்கும். வந்த காசு, போன காசு, சாரதியின் ரசீது எல்லாம் மாதம் ஒருமுறை கோயில் மண்டபச் சுவரில் ஒட்டப்படும். யாரும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

காட்சி 5: இருட்டும் நேரம். அதே மண்பாதை. மாணவி மேலே ஏறுகிறாள், டோர்ச் எரிகிறது. நின்று திரும்பிப் பார்க்கிறாள்.

மாணவி: நான் ஓடமாட்டேன். எனக்கு நடந்தே கால் போச்சு. (சிரிக்கிறாள்.) இரண்டாவது தண்ணீர் மேசையில் நிற்பேன். வாங்க.

(திரையில்: 2026 செப்டெம்பர் 13, ஞாயிறு. காலை 6.30. டிக்கோயா டவுன். ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.)