பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரக் கேட்டல்

த. யாழினி
முள்ளியவளை
2025.07.08

மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கு,

விடயம்: எனது பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிறந்த திகதி, பெயர், அப்பாவின் பெயர், பிரிவின் பெயர் பிழை

வணக்கம் ஐயா. போன மாதம் 20ஆந் திகதி நீங்கள் ஒப்பமிட்டு முத்திரை குத்தித் தந்த என்னுடைய பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு பற்றித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு அம்மாதான் உங்கள் அலுவலகத்துக்கு வந்து வாங்கியவர். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, நானும் அந்த உறையை அப்படியே அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். கனடா விண்ணப்பத்துக்காக நேற்று இரவு ஸ்கான் பண்ண எடுத்தபோதுதான் பார்த்தேன். பார்க்காமல் வைத்தது என்னுடைய பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கிற பிழைகள் என்னுடையவை இல்லை.

முதலில் திகதி, ஏனென்றால் இதுதான் பெரிய வில்லங்கம். தமிழ்ச் சான்றிதழில் நான் பிறந்த திகதி "1995 பங்குனி 21" என்று எழுத்தில் இருக்கிறது. நீங்கள் அதை 1995 ஏப்ரல் 4 என்று போட்டிருக்கிறீர்கள். இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவே இல்லை, பிறகு அப்பாதான் பஞ்சாங்கக் கணக்கைப் பார் என்றார். பஞ்சாங்கத்தில் பங்குனி முதலாந் திகதி மார்ச் நடுப்பகுதியில்தான் வரும், அப்படி எண்ணிக்கொண்டு போனால் பங்குனி 21 ஏப்ரல் 4இல் வந்து நிற்கிறது. நீங்கள் மினக்கெட்டுக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அதற்கு மரியாதைதான். ஆனால் ஐயா, எங்கள் பதிவேடுகளில் எழுதுகிற பங்குனி கச்சேரிப் பங்குனி. தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி, பங்குனி என்றால் மார்ச், அவ்வளவுதான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாள் பார்க்கிறபோது பஞ்சாங்கத்து வைகாசி, காணி உறுதியில் வைகாசி என்று எழுதினால் மே. இங்கே இரண்டையும் யாரும் குழப்புவதில்லை.

என் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், அதே சான்றிதழிலேயே சாட்சி இருக்கிறது. கீழே பதிவு செய்த திகதி என்ற கூட்டைப் பாருங்கள். அது இலக்கத்தில் 1995.03.31 என்று இருக்கிறது, நீங்களும் அதைச் சரியாக மார்ச் 31 என்றுதான் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் மொழிபெயர்ப்பின்படி நான் பிறப்பதற்கு நாலு நாளுக்கு முன்னமே அப்பா போய் என்னைப் பதிந்துவிட்டார். அப்பா சுறுசுறுப்பான மனிசன்தான், ஆனால் அந்தளவுக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என்னுடைய தேசிய அடையாள அட்டை இலக்கம் 95581 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 581இல் 500ஐக் கழித்தால் 81. அந்தக் கணக்கில் பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எடுப்பார்கள், ஆகவே 31, 29, 21 கூட்டிப் பாருங்கள், மார்ச் 21 வரும். ஏப்ரல் 4 என்றால் என் அட்டை 95595 என்றல்லவா தொடங்க வேண்டும். கனடாவில் கோப்பைப் பார்க்கிற ஆளுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் கடவுச்சீட்டில் மார்ச் 21, மொழிபெயர்ப்பில் ஏப்ரல் 4 என்று இரண்டு திகதி நிற்பது கண்ணில் படாமல் போகாது.

அடுத்தது பெயர். யாழினி என்பதை Yazhini என்று எழுதியிருக்கிறீர்கள். ழகரத்துக்கு அப்படி எழுதுகிற வழக்கம் இருக்கிறது, அது பிழை என்று நான் சொல்ல வரவில்லை, தமிழ்நாட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் என் கடவுச்சீட்டு, ஓ.எல். பெறுபேற்றுச் சான்றிதழ், விவாகப் பதிவின் மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் Yalini. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக ஆங்கிலத்தில் பெயர் எழுதப் பழக்கின ரீச்சர் அப்படி எழுதித் தந்தவர், அதுவே இன்றுவரைக்கும் என்னோடு வருகிறது. உச்சரிப்பு எது சரி என்பது வேறு கதை, எனக்கு எல்லாக் கடதாசியிலும் ஒரே எழுத்து வேண்டும். அப்பாவின் பெயரும் இதே மாதிரித்தான். தமிழில் தவராசா என்று ராவன்னா சாவன்னாவோடு தெளிவாக இருக்கிறதை Thavarajah ஆக்கியிருக்கிறீர்கள். ஜாவன்னா அங்கே இல்லவே இல்லை. கடவுச்சீட்டில் உள்ளபடி Thavarasa என்று வர வேண்டும்.

இதோடு இன்னொரு சின்ன விசயம். தமிழ்ச் சான்றிதழில் என் பெயர்க் கூட்டுக்குள் "யாழினி" மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே கூட்டுக்குள் அப்பாவின் பெயரையும் சேர்த்துவிட்டீர்கள். உதவியாக இருக்கட்டும் என்று செய்திருப்பீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அப்பாவுக்குக் கீழே தனிக்கூடு இருக்கிறது.

பிரிவின் பெயர் கரைதுறைப்பற்று. நீங்கள் Karaithuraipattu என்று ஒலிப்படி எழுதியிருக்கிறீர்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது, ஆனால் அரசாங்கம் ஆங்கிலத்தில் இந்தப் பிரிவுக்கு வைத்திருக்கிற பெயர் Maritimepattu. பிரதேச செயலகத்துக் கடிதத் தலைப்பிலும் அதுதான். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழும் இதே கோப்போடு போகிறது, அதில் ஒரு பெயர் இதில் ஒரு பெயர் என்றால் இரண்டு இடம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் அரசாங்கப் பெயரையே போடுங்கள்.

இனி மாற்றக்கூடாதது ஒன்று இருக்கிறது, இதைக் கவனமாக வாசியுங்கள். தமிழ்ச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இராசமணி என்று இருக்கிறது. உண்மையில் அவர் இராசமலர். எங்களிடம் இருந்த பழைய சான்றிதழ் 2009இல் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டது, செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பின பிறகு அப்பா எடுத்த பிரதிதான் இப்போது இருப்பது. பிழை பதிவேட்டிலேயே இருந்ததா, பிரதி எழுதும்போது வந்ததா என்று இனித்தான் பார்க்க வேண்டும். அம்மா உங்களிடம் வந்தபோது "அதையும் இங்கிலீசில் சரியாகப் போட்டுவிடுங்கோ தம்பி" என்று கேட்டாராம். நீங்கள் மாற்றாமல் Rasamani என்றே விட்டது மிகச் சரி. அப்படியே இருக்கட்டும், அம்மா திரும்பவும் தொலைபேசியில் கேட்டாலும் மாற்றாதீர்கள். தமிழில் உள்ளதை உள்ளபடி தருவதுதான் மொழிபெயர்ப்பு, அங்கே உள்ள பிழையை இங்கே திருத்தினால் பிறகு அதுவே பொய்க் கடதாசி ஆகிவிடும். அதை நான் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் தனியாகத் திருத்துவேன், அதற்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அம்மா ஒரு சத்தியக்கடதாசி முடிப்பார்.

அப்பாவின் தொழில் "கமம்" என்று இருந்ததைக் கமக்காரர் என்ற பொருளில் சரியாகவே ஆங்கிலத்தில் தந்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. என் சிநேகிதி ஒருத்தியின் கடதாசியில் வேறோர் இடத்தில் அதைக் கிராமம் என்று போட்டுக் கொடுத்தவர்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். பழைய தாளில் ரிப்பெக்ஸ் பூசியோ பேனையால் வெட்டியோ திருத்தித் தர வேண்டாம், அப்படித் திருத்தின கடதாசியை நான் அனுப்ப மாட்டேன். புதிதாகத் தட்டெழுதி, நீங்கள் ஒப்பமிடுகிற நாளின் திகதியைப் போட்டு, உங்கள் முத்திரையோடு இரண்டு பிரதி வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பின்னால் இணைக்கிற தமிழ்ப் பிரதியிலும் போன முறை மாதிரியே முத்திரை குத்துங்கள். பழைய இரண்டு பிரதியையும் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன், அவற்றைக் கிழித்துவிடுங்கள், இரண்டு விதமான மொழிபெயர்ப்பு வெளியில் உலாவ வேண்டாம்.

அச்செடுப்பதற்கு முன் உங்கள் தட்டெழுத்துத் தங்கச்சி நகலை வட்சப்பில் எனக்கு ஒருக்கால் அனுப்பினால் நான் உடனே பார்த்துச் சொல்வேன். இந்த முறை பார்க்காமல் விடமாட்டேன். நாலு பெயரும் இப்படி வர வேண்டும்: எனக்கு Yalini, அப்பாவுக்கு Thavarasa, அம்மாவுக்கு Rasamani, பிரிவுக்கு Maritimepattu. பிறந்த திகதியில் மாதத்தை இலக்கத்தில் போடாமல் மார்ச் என்று ஆங்கிலத்தில் எழுத்தாகவே எழுதுங்கள், இல்லாவிட்டால் நாள் எது மாதம் எது என்று அங்கே இன்னொரு குழப்பம் தொடங்கும்.

காசு விசயத்தையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். திருத்துவதற்கு நான் திரும்பக் கட்டணம் தருவது நியாயமில்லை என்று நினைக்கிறேன், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். இன்னொரு பிரதி, மூன்றாவதாக, எடுத்து வைக்க விரும்புகிறேன், அதற்கு உள்ள காசைத் தருகிறேன்.

அவசரம் ஏன் என்றால், என் கணவர் கனடாவிலிருந்து எனக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இந்த மாதம் 31ஆந் திகதிக்குள் கடதாசிகளை ஏற்ற வேண்டும். குடும்பத்து ஆட்கள் செய்கிற மொழிபெயர்ப்பை அவர்கள் ஏற்பதில்லை, இல்லாவிட்டால் ஆங்கில ரீச்சராக இருக்கிற என் மச்சாளே இதை ஒரு பின்னேரத்தில் அடித்துத் தந்திருப்பாள். 18ஆந் திகதி வெள்ளிக்கிழமைக்கு முன் முடித்தால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். வவுனியாவில் வேலை செய்கிற தம்பி வார முடிவில் முல்லைத்தீவு பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறவன், அவன் உங்களிடம் வந்து வாங்குவான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவன்தான்.

பழைய மொழிபெயர்ப்பின் இரண்டு பிரதியோடு, தமிழ்ச் சான்றிதழின் போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டின் படப் பக்கம், அடையாள அட்டையின் இரு பக்கம், ஓ.எல். சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளும் உள்ளே இருக்கின்றன. மாற வேண்டிய இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். தமிழ்ப் பிரதியில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது வட்டம் இல்லை, புள்ளடி. அதைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
த. யாழினி