கேஷ்லெஸ் மறுக்கப்பட்டதால் கட்டிய மருத்துவச் செலவைத் திரும்பக் கோருதல்

11 ஜூலை 2025
அம்பத்தூர், சென்னை

மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் மேடம். என் மனைவிக்கு ஜூன் 22, ஞாயிறு இரவு கடுமையான வயிற்றுவலி வந்து, குடல்வால் அழற்சிக்கு அவசரமாக லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை நடந்தது. 25ஆம் தேதி டிஸ்சார்ஜ் ஆனார். நம் கம்பெனி குரூப் பாலிசியில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தச் செலவை ரீஇம்பர்ஸ்மென்ட் முறையில் தரும்படி இந்தக் கிளெய்மை டிபிஏவுக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.

மருத்துவமனை நெட்வொர்க் பட்டியலில் உள்ளதுதான். இ-கார்டு, ஆதார் இரண்டையும் காட்டினேன். ஆனால் இன்சூரன்ஸ் டெஸ்க்கில், "இந்தக் கம்பெனிக்கு இப்போது கேஷ்லெஸ் எடுப்பதில்லை, அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் வேறு மருத்துவமனை தேடி அலைய முடியாது. 40,000 ரூபாயை கிரெடிட் கார்டிலும், மீதி 64,200 ரூபாயை டிஸ்சார்ஜ் அன்று என் மைத்துனரிடம் கடன் வாங்கியும் கட்டினேன்.

நேற்று டிபிஏவில் போனில் விசாரித்தபோது, கேஷ்லெஸ் மறுப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்படியொரு கடிதமே கிடையாது, மேடம். முன் அனுமதி விண்ணப்பம் போனால்தான் டிபிஏ அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும். மருத்துவமனை அதை அனுப்பவே இல்லை. கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024 மே சுற்றறிக்கை சொல்கிறது. விண்ணப்பமே போகாத இடத்தில் அந்த விதியால் எனக்குப் பயன் இல்லை. எழுதித் தரச் சொல்லியும் மருத்துவமனை தரவில்லை. ஆனால் அன்று இரவே டிபிஏ டோல்-ஃப்ரீ எண்ணில் தகவல் சொல்லிப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன். அந்த எஸ்எம்எஸ்ஸின் பிரதியை வைத்துள்ளேன். இல்லாத கடிதத்துக்காகக் கிளெய்மை நிறுத்தக்கூடாது என்று உங்கள் கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதினால் பெரிய உதவி.

மருத்துவமனை பில் 1,04,200, அதற்கு முன் வெளியே எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 5,850, பிறகு வாங்கிய மருந்து 3,190, தையல் பிரிக்கப் போன செலவு 1,400. மொத்தம் 1,14,640 ரூபாய். இதில் கையுறை போன்ற பொருட்களுக்கான 2,380 ரூபாயைப் பாலிசி தராது என்று தெரியும், அதைக் கழித்துக்கொள்ளட்டும். அறை வாடகை நாளுக்கு 4,200தான், நம் வரம்பான 5,000க்குள் வருகிறது. அதனால் அறையைக் காரணம் காட்டி டாக்டர் கட்டணத்தையும் தியேட்டர் கட்டணத்தையும் விகிதப்படி குறைக்க இடமில்லை.

கிளெய்ம் படிவத்தின் இரண்டு பகுதிகள் (மருத்துவமனை முத்திரையுடன்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள், பணம் கட்டிய ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட்டுகள், கேன்சல் செய்த செக் எல்லாம் இணைத்துள்ளேன். ஒரிஜினல்களைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது நம் பாலிசி விதி, ஆகவே ஜூலை 25க்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இன்னும் ஏதாவது காகிதம் தேவை என்றால் ஒவ்வொன்றாகக் கேட்காமல் மொத்தமாகக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ச. கார்த்திகேயன்
பணியாளர் எண் 20417, கணக்குப் பிரிவு